பீரோவைத் தள்ளத் தெரிந்தவர்களுக்கு அணைக்கட்டுக் கணக்கு

வீடு மாற்றும்போது இரும்பு பீரோவை நகர்த்தியிருப்பீர்கள். கீழ்ப்பக்கம் கை கொடுத்துத் தள்ளினால் அது தரையோடு கீச்சிட்டுக்கொண்டு நகரும். தோள் உயரத்தில் தள்ளினால் நகராமல் தலையைச் சாய்க்கும். உடனே யாராவது "அடியில பிடிங்க, அடியில பிடிங்க" என்று கத்துவார்கள். தண்ணீருக்கு எதிராக நிற்கும் கிராவிட்டி அணைக்கும் இதே இரண்டு ஆபத்துகள்தான்: ஒன்று சறுக்கல், இன்னொன்று கவிழ்தல். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது பீரோவுக்குக் கிடையாது. அந்த மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டதால்தான் 19ஆம் நூற்றாண்டில் நல்ல கணக்குத் தெரிந்தவர்கள் கட்டிய அணையே உடைந்தது.

முதலில் கிராவிட்டி அணை என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். மேட்டூர், முல்லைப் பெரியாறு, பக்ரா எல்லாம் இந்த வகை. இடுக்கி மாதிரி வில்லாக வளைந்து, தண்ணீரின் தள்ளலை இரண்டு பக்க மலைக்கும் கடத்திவிடும் தந்திரம் இதில் இல்லை. மண் அணை மாதிரி பரந்து படுத்துக்கொள்வதும் இல்லை. கல்லோ கான்கிரீட்டோ, தன் எடையை மட்டும் நம்பி நிற்கும் சுவர் இது. அதனால் அணையின் முழு நீளத்தையும் கணக்கில் போட வேண்டியதில்லை. கேக்கைத் துண்டு போடுவதுபோல ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து, அந்தத் துண்டு தன் காலில் தானே நிற்குமா என்று பார்த்தால் போதும். பக்கத்துத் துண்டு பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதில்லை.

நம் துண்டுக்கு எளிய வடிவம் வைத்துக்கொள்வோம். உயரம் 30 மீட்டர். தண்ணீர்ப் பக்க முகம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. அடி அகலம் 24 மீட்டர். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு செங்கோண முக்கோணம். உண்மை அணையில் உச்சியில் சாலை போகும் அளவுக்கு அகலம் இருக்கும், நீர்மட்டத்துக்கு மேலே கொஞ்சம் சுவர் இருக்கும். வண்டல் அழுத்தம், அலை, நிலநடுக்கம் என்று வேறு விசைகளும் சேரும். அவற்றை எல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுவோம். தண்ணீர் உச்சி வரை, அதாவது முழு 30 மீட்டரும் நிற்கிறது என்று கொள்வோம். கீழ்ப்பக்கம் தண்ணீர் இல்லை.

அடித்தளத்தின் இரண்டு முனைகளுக்கும் பெயர் உண்டு. தண்ணீர்ப் பக்க அடிமுனையை ஹீல் என்பார்கள், அதாவது குதிகால். எதிர்ப்பக்க அடிமுனை டோ, அதாவது கால்விரல். அணை தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டால் பெயர்கள் மறக்காது. கவிழ்ந்தால் விரல்முனையை ஊன்றித்தான் கவிழும்.

இப்போது தண்ணீரின் தள்ளல். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும்: ஒரு மீட்டருக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு டன். மேற்பரப்பில் பூஜ்யம், 30 மீட்டர் அடியில் 30 டன். சராசரி 15 டன், உயரம் 30 மீட்டர், ஆக நம் ஒரு மீட்டர் துண்டின் மேல் மொத்தத் தள்ளல் 15 × 30 = 450 டன். அடியில்தான் அழுத்தம் அதிகம் என்பதால் இந்த 450 டன்னும் சேர்ந்து செயல்படும் இடம் நடு உயரம் அல்ல. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, 10 மீட்டர் உயரத்தில்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். பின்னால் 20 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நின்றால் தள்ளல் இன்னும் அதிகமாக இருக்காதா? இருக்காது. அணையின் முதுகில் தெரிவது ஆழம் மட்டும்தான். 30 மீட்டர் ஆழமுள்ள பெரிய நீர்த்தேக்கமும், அதே சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்தில் 30 மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீரும் ஒரே அளவுதான் தள்ளும். அணை உடைந்தால் நேரும் சேதத்துக்குத்தான் தேக்கத்தின் பரப்பு முக்கியம்.

எதிர்த்து நிற்பது எடை. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2.4 டன். முக்கோணத்தின் பரப்பு ½ × 24 × 30 = 360 சதுர மீட்டர். ஆக எடை 864 டன். முக்கோணத்தின் எடைமையம் செங்குத்து முகத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும், அதாவது குதிகாலிலிருந்து 8 மீட்டர், விரல்முனையிலிருந்து 16 மீட்டர். எடையைத் தண்ணீர்ப் பக்கம் ஒதுக்கி வைப்பதற்காகவே அந்தப் பக்க முகத்தைச் செங்குத்தாக்கி, மறுபக்கத்தைச் சரிவாக்கியிருக்கிறார்கள். விரல்முனைக்குத் தூரமாக எடை இருந்தால்தான் நெம்புகோல் நீளம் கிடைக்கும்.

கவிழ்தல் கணக்கு இரண்டே வரி. தண்ணீர் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 450 × 10 = 4,500 டன்-மீட்டர். எடை பிடித்து நிறுத்தும் திருப்புத்திறன் 864 × 16 = 13,824 டன்-மீட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 3.07. மூன்று மடங்கு பாதுகாப்பு.

சறுக்கலும் அதே அளவு எளிது. கான்கிரீட்டுக்கும் பாறைக்கும் இடையே உராய்வு எண் 0.7 என்று வைப்போம். பிடிக்கும் விசை 0.7 × 864 = 605 டன். தள்ளுவது 450. வகுத்தால் 1.34. கவிழ்தலில் மூன்று மடங்கு இருந்த தெம்பு இங்கே ஒன்றேகால் சொச்சத்துக்கு இறங்கிவிட்டதைக் கவனியுங்கள். கிராவிட்டி அணையின் சுபாவமே இதுதான். அகலமான அடியோடு உட்கார்ந்திருப்பதால் கவிழ்வது கஷ்டம், சறுக்குவது சுலபம். ஆனாலும் இரண்டும் ஒன்றுக்கு மேலே இருப்பதால், இதுவரை போட்ட கணக்குப்படி அணை நிற்கும்.

கணக்கை இத்தோடு மூடி வைத்துவிடுவதுதான் அந்தக் காலத்துப் பழக்கம்.

கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு மூன்றாவது விசையை நான் சொல்லித்தர வேண்டாம். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக வரும். மேற்பரப்பைத் தாண்டியதும் தோளை இழுக்கும். தண்ணீருக்குள் அது கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அணைக்கும் அடியில் தண்ணீர் இருக்கிறது. பாறை என்று நாம் சொல்வது ஒரே கட்டியான பொருள் அல்ல. அதில் விரிசல்கள், அடுக்குகள், இணைப்புகள் இருக்கும். கான்கிரீட்டும் பாறையும் சேரும் இடத்திலும் நூலிழை அளவு இடைவெளி கிடைக்கும். தேக்கத்துத் தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து நுழைந்து, அடியிலிருந்து அணையை மேலே தூக்கும். பொறியாளர்கள் இதை அப்லிஃப்ட் என்பார்கள். நாம் மேலுந்தல் என்று வைத்துக்கொள்வோம்.

"நூலிழை இடைவெளியில் எவ்வளவு தண்ணீர் போய்விடப்போகிறது, அது 30 மீட்டர் கான்கிரீட்டைத் தூக்குமா?" என்று கேட்கத் தோன்றும். இங்கே தண்ணீரின் அளவு கணக்கே இல்லை, அழுத்தம்தான் கணக்கு. சலூன் நாற்காலியை ஏற்றும் ஹைட்ராலிக் ஜாக்கில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது? ஒரு டம்ளர் இருக்குமா? அதுபோலத்தான். நாளெல்லாம் சொட்டினாலும் ஒரு குடம் நிறையாத கசிவுகூட, வெளியேற வழியில்லாமல் அடைபட்டு நின்றால் முழு அழுத்தத்தோடு தூக்கும்.

பிரான்சில் எப்பினால் நகருக்குப் பக்கத்தில் பூசே என்ற ஊரில், ஒரு கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காக 1878 முதல் 1881 வரை ஒரு கல் அணை கட்டினார்கள். சுமார் 22 மீட்டர் உயரம். தண்ணீரின் தள்ளலும் கல்லின் எடையும் ஒழுங்காகத்தான் கணக்கிடப்பட்டிருந்தன. மேலுந்தல் மட்டும் கணக்கில் இல்லை. 1884இல் தேக்கம் நிறைந்துவந்தபோது அணையின் ஒரு நீண்ட பகுதி அப்படியே முன்னால் நகர்ந்தது. மூன்றில் ஒரு மீட்டர் அளவுக்கு. அடியில் முட்டுச் சுவர் கொடுத்துப் பலப்படுத்தி, மீண்டும் நிரப்பினார்கள். 1895 ஏப்ரல் 27 அன்று மேல்பகுதி பிய்த்துக்கொண்டு போனது. 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடியைத்தான் பலப்படுத்தியிருந்தார்கள். மேலே ஒல்லியாக இருந்த சுவரின் தண்ணீர்ப் பக்கத்தில் விரிசல் விட்டு, அதற்குள் தண்ணீர் புகுந்து, அங்கேயும் மேலுந்தல் வேலை செய்திருந்தது. ஆகவே அடித்தளத்தில் மட்டும் கணக்குப் போட்டால் போதாது, நடுநடுவே கிடைமட்டமாக வெட்டிப் பார்த்து ஒவ்வொரு மட்டத்திலும் இதே கணக்கைப் போட வேண்டும் என்பதும் பூசேயில் புரிந்துபோனது.

நம் துண்டுக்கு வருவோம். குதிகாலில் தண்ணீர் அழுத்தம் சதுர மீட்டருக்கு 30 டன். விரல்முனையில் வெளிக்காற்று, ஆகப் பூஜ்யம். இடையில் நேர்கோடாகக் குறைகிறது என்று கொள்வது வழக்கம். அடியில் 24 மீட்டர் அகலத்துக்கு இந்த முக்கோண அழுத்தத்தின் கூட்டுத்தொகை ½ × 30 × 24 = 360 டன். மேல்நோக்கி! 864 டன் எடையில் 360 டன்னைத் தண்ணீர் சத்தமில்லாமல் கழித்துவிட்டது. பாறையின் மேல் மிஞ்சும் எடை 504 டன்தான்.

சறுக்கல் கணக்கை மறுபடி போடுங்கள். 0.7 × 504 = 353 டன். தள்ளுவது 450. காரணி 0.78. ஒன்றுக்குக் கீழே. உராய்வு மட்டும்தான் பிடிமானம் என்றால் இந்த அணை நிற்காது. மேலே 1.34 என்று திருப்தியாக எழுதினோமே, அதே அணைதான்.

கவிழ்தல் அவ்வளவு மோசமாகத் தெரியாது. மேலுந்தலின் மையம் விரல்முனையிலிருந்து 16 மீட்டரில் இருப்பதால் அதன் திருப்புத்திறன் 360 × 16 = 5,760. தண்ணீரின் 4,500உடன் சேர்த்தால் 10,260. அதை 13,824க்கு எதிரே வைத்தால் 1.35. இன்னும் ஒன்றுக்கு மேலே இருக்கிறது. "சறுக்கலை எப்படியாவது சமாளித்துவிட்டால் போதும், கவிழாது" என்று யாராவது சொல்லக்கூடும். அந்த 1.35 ஒரு முக்கியமான விஷயத்தை மறைக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன், எனவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

எல்லா விசைகளையும் ஒரே விசையாகச் சேர்த்தால் அது அடித்தளத்தை எந்த இடத்தில் குத்துகிறது? மிஞ்சும் திருப்புத்திறன் 13,824 − 10,260 = 3,564. மிஞ்சும் எடை 504. வகுத்தால் விரல்முனையிலிருந்து 7.07 மீட்டர். அடித்தளத்தை மூன்று சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 8 மீட்டர். நடுப் பங்குக்குள் இந்தப் புள்ளி விழுந்தால் அடித்தளம் முழுக்கப் பாறையின் மேல் அமுங்கியே இருக்கும். நடுப் பங்கைத் தாண்டி விரல் பக்கம் போய்விட்டால் குதிகால் எழும்பப் பார்க்கும். பெஞ்சின் ஒரு ஓரத்தில் கனமான ஆள் உட்கார்ந்தால் மறுமுனை தூக்குமே, அதேதான். நம் புள்ளி 8 மீட்டருக்குப் பதில் 7.07இல் விழுகிறது. குதிகாலில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 டன் இழுவிசை வருகிறது.

கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கான்கிரீட்டும் பாறையும் சேரும் மூட்டுக்கு இழுவலிமை இருக்கிறது என்று நம்பி எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் குதிகாலில் விரிசல் திறக்கிறது என்றே கொள்ள வேண்டும். திறந்தவுடன் என்ன ஆகும்? தேக்கத்துத் தண்ணீர் நேராக உள்ளே வரும். விரிசல் முழுவதும் அழுத்தம் படிப்படியாகக் குறைவதற்கு வழியில்லை. முழு 30 டன்னும் அப்படியே நிற்கும். மேலுந்தல் கூடும். கூடினால் புள்ளி இன்னும் விரல் பக்கம் நகரும், விரிசல் இன்னும் நீளும், மேலுந்தல் இன்னும் கூடும்.

இது எங்கே போய் நிற்கும் என்று நம் துண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரிசல் 9.75 மீட்டர் ஓடி நிற்கிறது. பாறையோடு ஒட்டியிருப்பது மீதி 14.25 மீட்டர் மட்டும். அந்த நிலையில் மிஞ்சும் எடை 358 டன். உராய்வு தரும் பிடிமானம் 250 டன். எதிரே 450 டன் தண்ணீர். ஆனால் அதே நிலையில் கவிழ்தல் காரணியைப் போட்டால் 1.14 வருகிறது! அதாவது கவிழ்தல் கணக்கு "இன்னும் நிற்கிறேன்" என்கிறது. அணையோ எப்போதோ சறுக்கிக் கீழே போயிருக்கும்.

அதனால்தான் கிராவிட்டி அணை பீரோ மாதிரி தலைகுப்புற விழுந்த கதைகள் அரிது. சாயப் பார்க்கும் முயற்சியில் குதிகால் திறக்கிறது, திறந்த வழியில் தண்ணீர் புகுந்து எடையைத் திருடுகிறது, எடை குறைந்ததும் சறுக்குகிறது. கவிழ்தலும் சறுக்கலும் பாடத்தில் இரண்டு தனித் தலைப்புகளாக இருக்கலாம். சம்பவத்தில் ஒன்று இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், கவிழ்தல் காரணி 1.5க்கு மேலா 2க்கு மேலா என்று வாதாடுவதைவிட, கூட்டுவிசை நடுப் பங்குக்குள் விழுகிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான சோதனை.

பூசே உடைந்த அதே 1895இல் மோரிஸ் லெவி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். மேலுந்தலைச் சேர்க்காமல் போட்ட கணக்கில், தண்ணீர்ப் பக்க முகத்தில் ஒவ்வொரு மட்டத்திலும் கிடைக்கும் அமுக்கம் அந்த இடத்துத் தண்ணீர் அழுத்தத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றார். அப்படி இருந்தால் தண்ணீர் முட்டித் திறக்க முடியாது. நம் துண்டின் குதிகாலில் அந்த அமுக்கம் 25 டன், தண்ணீர் 30 டன். லெவியின் சோதனையில் தோல்வி. வித்தியாசம் 5 டன், மேலே பார்த்த அதே இழுவிசை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, அடியை அகலப்படுத்துவது. இதே உயரத்துக்கு மேலுந்தலே இல்லை என்றால் 19.4 மீட்டர் அடி அகலம் இருந்தாலே இழுவிசை வராது. முழு மேலுந்தலையும் சேர்த்தால் 25.4 மீட்டர் வேண்டும். அந்த ஆறு மீட்டர் உச்சி வரை போகும் கான்கிரீட் என்பதால் செலவு சும்மா இல்லை. இன்னொரு வழி, மேலுந்தலையே குறைப்பது. அடைபட்டு நின்றால்தானே அழுத்தம்? வெளியேற வழி செய்துவிட்டால் போயிற்று.

அதற்காகத்தான் அணைக்குள்ளே, குதிகாலுக்குப் பக்கத்தில், ஒரு சுரங்கப்பாதை விடுகிறார்கள். டிரெயினேஜ் கேலரி என்று பெயர். ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம். வெளியே கத்திரி வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும், சுவரெல்லாம் ஈரம், பேசினால் எதிரொலிக்கும். முதலில் குதிகாலுக்கு அடியில் பாறையில் துளை போட்டு, சிமெண்ட் பாலை அழுத்தமாகச் செலுத்தி ஒரு திரை உண்டாக்குகிறார்கள். அந்தத் திரைக்குக் கொஞ்சம் பின்னால், கேலரித் தரையிலிருந்து பாறைக்குள் வரிசையாக வடிதுளைகள். திரையைத் தாண்டி வரும் தண்ணீர் இந்தத் துளைகளில் ஏறி, கேலரி ஓரக் கால்வாயில் ஓடி, அளவுப் பலகையைத் தாண்டி வெளியே போகிறது. முதல்முறை உள்ளே போகிறவர்கள், அணைக்குள்ளே தண்ணீர் ஓடுவதைப் பார்த்து மிரண்டு "லீக் ஆகுதுங்களே" என்பார்கள். லீக் ஆகத்தான் வேண்டும். ஆகாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

இந்திய வழக்கத்தில், வடிதுளைகள் வேலை செய்தால் அந்த வரிசையில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று கணக்கில் எடுக்கிறார்கள். நம் துண்டில் குதிகாலிலிருந்து 3 மீட்டரில் வடிதுளை வரிசை இருக்கட்டும். குதிகாலில் 30 டன், துளை வரிசையில் 10 டன், விரல்முனையில் பூஜ்யம். கூட்டினால் மேலுந்தல் 165 டன். 360 எங்கே, 165 எங்கே! மிஞ்சும் எடை 699 டன். கூட்டுவிசை விரல்முனையிலிருந்து 9.28 மீட்டரில் விழுகிறது, நடுப் பங்குக்குள். குதிகால் முழுக்க அமுங்கியிருக்கிறது. கவிழ்தல் காரணி 1.88.

சறுக்கல்? 0.7 × 699 = 489, தள்ளுவது 450, காரணி 1.09. ஒன்றைத் தாண்டிவிட்டது, ஆனால் இதை வைத்து யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. மீதியை ஒட்டுப்பிடிப்பு தருகிறது. அணை பாறையின் மேல் சும்மா வைத்த பொருள் அல்ல. பாறையைச் சுத்தம் செய்து, சொரசொரப்பாக்கி, அதன்மேல் கான்கிரீட் போட்டு ஒட்டவைத்தது. அந்த ஒட்டை அறுத்துக்கொண்டுதான் சறுக்க முடியும். ஆனால் ஒட்டு எவ்வளவு என்பது உராய்வைப்போல நிச்சயமானதல்ல. ஒரு இடத்தில் நன்றாக ஒட்டியிருக்கும், பக்கத்திலேயே களிமண் படிவு இருந்து ஒட்டாமல் போயிருக்கும். எனவே கிராவிட்டி அணைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 6512 இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. வழக்கமான முழுத் தேக்க நிலைக்கு உராய்வை 1.5ஆல் வகுக்கச் சொல்கிறது, ஒட்டுப்பிடிப்பை 3.6ஆல். நம்பிக்கை குறைவானதை அதிகமாக வெட்டுகிறார்கள்.

நம் துண்டுக்கு: உராய்வு 489 ÷ 1.5 = 326 டன். 450க்கு இன்னும் 124 டன் வேண்டும். அதை ஒட்டுப்பிடிப்பு தர வேண்டுமென்றால் 24 மீட்டர் அகலத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 18.6 டன் ஒட்டு தேவை. நல்ல பாறையில் ஒழுங்காகப் போட்ட கான்கிரீட்டுக்கு இது பெரிய எதிர்பார்ப்பு இல்லை. வடிதுளையே இல்லாவிட்டால் இதே தேவை 32 டன்னுக்கு மேலே போய்விடும். அதுவும் குதிகாலில் விரிசல் விடாமல் முழு அகலமும் ஒட்டியிருந்தால்தான்.

நல்ல பாறை என்று சொன்னதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சறுக்கல் கான்கிரீட்டும் பாறையும் சேரும் இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. இரண்டு மீட்டர் கீழே, பாறைக்குள்ளேயே கிடைமட்டமாக ஒரு களிமண் அடுக்கு ஓடினால், அணை அந்தப் பாறையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சறுக்கும். அங்கே உராய்வு எண் 0.7 எல்லாம் கிடைக்காது, 0.3 கிடைத்தாலே அதிசயம். அதனால்தான் அடித்தளத்தில் துளைபோட்டு எடுத்த பாறை உருளைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்துப் புவியியலாளர்கள் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். எந்த உருளை முறிந்து கிடக்கிறது, முறிந்த இடத்தில் விரலில் வழுக்கும் பசை மாதிரி ஏதாவது ஒட்டுகிறதா என்றுதான் அவர்கள் கண் போகும்.

பழைய அணைகளுக்கு வருவோம். முல்லைப் பெரியாறு அணையும் 1895இல்தான் திறக்கப்பட்டது, பூசே உடைந்த சில மாதங்களில். பென்னிகுவிக் கட்டிய அந்தச் சுண்ணாம்பு–சுர்க்கி அணையின் வடிவமைப்பு அந்தக் காலத்து வழக்கப்படியானது. மேலுந்தல் அதில் சேரவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, உலகமே அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 1979க்குப் பிறகு மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி அணையைப் பலப்படுத்தியபோது செய்த மூன்று வேலைகளையும் நம் முக்கோணத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். அணையை வைத்து நடக்கும் நீதிமன்ற வழக்குகளுக்குள் நான் போகவில்லை.

முதல் வேலை, உச்சியில் கான்கிரீட் தொப்பி. சுமார் 12,000 டன். அணையின் நீளம் 366 மீட்டர், ஆக ஒரு மீட்டர் துண்டுக்கு ஏறக்குறைய 33 டன். சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் உச்சி இருப்பது தண்ணீர்ப் பக்கத்தில், விரல்முனையிலிருந்து வெகுதூரத்தில். நெம்புகோல் நீளம் என்பதால் ஒவ்வொரு டன்னும் கூட்டுவிசையைக் குதிகால் பக்கம் நன்றாக இழுக்கும். இரண்டாவது, கேபிள் நங்கூரம். உச்சியிலிருந்து அணை வழியாக அடிப்பாறை வரை துளையிட்டு, உறுதியான எஃகுக் கம்பிகளை இறக்கி, பாறைக்குள் பூட்டி, மேலேயிருந்து ஒவ்வொன்றையும் 120 டன் விசையில் இழுத்துக் கட்டினார்கள். கான்கிரீட்டே ஊற்றாமல் எடை சேர்க்கும் வித்தை இது. அதுவும் குதிகால் பக்கம். இதன் பலவீனமும் தெரிந்ததுதான்: எஃகு துரு பிடிக்கும், உள்ளே புதைந்த கம்பியை வெளியே எடுத்துப் பார்க்கவும் முடியாது. மூன்றாவது, கீழ்ப்பக்கம் அணையோடு சேர்த்துக் கட்டிய கனத்த கான்கிரீட் சுவர், அதற்குள் வடிகால் கேலரிகள். அடி அகலமும் கூடியது, எடையும் கூடியது, கசிவு வெளியேறவும் வழி கிடைத்தது. இதில் கவனம் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பாக வேலை செய்தால்தான் 'அகலமான அடி' என்ற கணக்குப் பலிக்கும்.

சரி, கட்டி முடித்த அணை பத்திரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மறுபடி கேலரிக்குள் போக வேண்டும். வடிதுளைகளின் வாயைப் பார்த்தால் வெள்ளையாக ஒன்று படிந்திருக்கும், கொதிகெண்டியின் அடியில் படிவதுபோல. கான்கிரீட்டிலும் சிமெண்ட் திரையிலும் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து இங்கே விடுகிறது. வருடக்கணக்கில் அது துளையை மெல்ல அடைக்கும். கால்வாயில் ஓடும் தண்ணீர் குறையும். குறிப்பேட்டில் கசிவு எண் கீழே இறங்குவதைப் பார்த்து "அணை இறுகிவிட்டது, நல்ல செய்தி" என்று மேலதிகாரிக்கு எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

கசிவு எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது. அடித்தளத்தில் பொருத்தியிருக்கும் அழுத்தமானிக் குழாய்களின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேக்கத்தின் நீர்மட்டம் மாறாமல் இருக்கும்போது கசிவும் குறைந்து அழுத்தமும் குறைந்தால் உண்மையிலேயே திரை இறுகியிருக்கிறது. கசிவு குறைந்து அழுத்தம் ஏறினால் துளை அடைத்துக்கொண்டிருக்கிறது. கசிவு திடீரென்று கூடி, அதோடு தண்ணீர் கலங்கலாக வந்தால் அடியில் மண்ணோ பாறைத்தூளோ அரிபடுகிறது. அது வேறு வியாதி, அதற்கு அன்றைக்கே ஆள் வர வேண்டும்.

அடைப்பு எவ்வளவு ஆபத்து? நம் துண்டிலேயே பார்க்கலாம். வடிதுளை வரிசையில் அழுத்தம் 10 டன்னிலிருந்து 20 டன்னாக ஏறிவிட்டது என்று வையுங்கள். அணையில் வேறு எதுவும் மாறவில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. மேலுந்தல் 165 டன்னிலிருந்து 285 டன் ஆகிறது. தேவைப்படும் ஒட்டுப்பிடிப்பு 18.6இலிருந்து 27 டன்னுக்கு ஏறுகிறது. கூட்டுவிசை விழும் இடம் 9.28இலிருந்து 8.10 மீட்டருக்கு வந்துவிடுகிறது. நடுப் பங்கின் எல்லை 8.00. குதிகால் திறப்பதற்கு மிச்சம் இருப்பது பத்து சென்டிமீட்டர்.

அந்த நிலையில் அணைக்கு வேண்டியது புதுக் கான்கிரீட் இல்லை. கேலரிக்குள் ஒரு துளையிடும் இயந்திரத்தை இறக்கி, பழைய துளைகளைச் சுண்ணாம்பு போகும்வரை கடைந்து, கடைந்தும் வராத இடத்தில் பக்கத்தில் புதுத் துளை போட வேண்டும். வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம், கால்வாயில் தண்ணீர் பழையபடி சலசலவென்று ஓடத் தொடங்கி, அழுத்தமானியின் முள் இறங்குவது.